மார்ச்சில் பகல் ஷிப்டில் இருந்தது யார்?

இரண்டு ஷிப்ட் ஓடும் பட்டறையில் இன்கிரிமென்ட் பட்டியல் வெளிவரும் நாளில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. வேலை வருஷம் முழுக்க நடக்கிறது, மதிப்பெண் போடுவது மார்ச்சில். மதிப்பெண் போடும் அன்று பகலில் நின்றவருக்குப் பகல் மேனேஜர் போடுகிறார், நைட்டில் நின்றவருக்கு நைட் மேனேஜர் போடுகிறார். இருவரும் மனசாட்சிப்படிதான் போட்டிருப்பார்கள். ஆனாலும் நல்ல மதிப்பெண்ணெல்லாம் ஒரு குழுவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் புதிதாக ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் இதற்கு வழி கேட்டு, படிவக் கட்டோடு வந்தார். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை என்பது இரண்டாவது படிவத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நூற்பாலையிலோ மருத்துவமனை வார்டிலோ வேலை பார்ப்பவர்கள் தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். வண்டிப் பாகங்கள் கடையும் சி.என்.சி. பட்டறை. ஷிப்டுக்கு மூன்று ஆபரேட்டர்கள், மொத்தம் ஆறு பேர். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பகல், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நைட். (இவ்வளவு நீளமான ஷிப்ட் கூடாது என்பது என் கருத்து. அதைத் தனியாகப் பேச வேண்டும்.) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்கள் இடம் மாறுவார்கள். மேனேஜர்கள் மாறுவதில்லை. பகல் மேனேஜர் எப்போதும் பகல், நைட் மேனேஜர் எப்போதும் நைட்.

“அண்ணா, பகல் மேனேஜர் தாராளம், நைட் மேனேஜர் கறார். அதுதான் பிரச்சினை” என்றார் தம்பி.

அது ஒரு பாதிதான். மேனேஜர் போடும் ஒரு எண்ணுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆபரேட்டரின் வேலை. இரண்டு, போடுகிறவரின் கை தாராளமா இறுக்கமா என்பது. மூன்று, அந்த ஷிப்டின் நிலைமை. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் சிறியவை என்று நினைத்துவிடக் கூடாது. மதிப்பீடு போடுகிறவருக்கே உரிய பார்வை அந்த எண்ணில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று ஸ்கல்லன், மவுண்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான மேலாளர்களுக்குப் பிறர் கொடுத்த மதிப்பெண்களை வைத்துப் பார்த்ததில், எண்களுக்கு இடையே இருந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் போட்டவரால் வந்ததாகவே இருந்தது.

ஷிப்டின் நிலைமையும் லேசானதல்ல. சுவீடனில் ஒரு கேஸ் ஆலையில் 1912 முதல் 1931 வரை, மூன்று ஷிப்டிலும் ஆட்கள் மீட்டரைப் பார்த்து எண்களைப் பேரேட்டில் எழுதி வந்தார்கள். அந்தப் பேரேடுகளில் இருந்த பிழைகளை எந்த மணிக்கு எத்தனை என்று பியெர்னர், ஹோல்ம், ஸ்வென்சன் மூவரும் எண்ணி 1955ல் வெளியிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிவாக்கில் பிழைகள் உச்சத்துக்குப் போயின. மதியத்துக்குப் பிறகு ஒரு சின்ன மேடு. சோம்பேறிகள் மட்டும் அந்த நேரத்தில் தப்பாக எழுதவில்லை. ஷிப்ட் மாறி மாறி வந்த ஆட்கள் எல்லோருக்கும் உடம்பு அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பு தவிரப் பட்டறையும் இரவில் வேறாக இருக்கிறது. டூல் ரூம் சாயந்திரமே பூட்டிவிடும். மெயின்டனன்ஸுக்கு ஒரே ஆள், அவரும் பாய்லர் பக்கம் போயிருப்பார். ஸ்டோர் சாவி செக்யூரிட்டியிடம். இன்னொரு பக்கம், பகலில்தான் புதுப் பாகத்துக்கு டிரையல், கஸ்டமர் ஆடிட், செட்டிங் மாற்றம் எல்லாம் வைத்திருப்பார்கள். சில பட்டறைகளில் நைட்டில் இடைஞ்சலே இல்லாமல் ஒரே பாகம் ஓடுவதால் எண்ணிக்கை பகலை விடக் கூடுவதும் உண்டு. ஆகவே ‘நைட் என்றால் கஷ்டம், இரண்டு மார்க் கூட்டிக் கொடு’ என்று பொதுவாக ஒரு சலுகை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை அந்தந்தப் பட்டறையின் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எடுக்கும் வழி இந்தப் பட்டறையிலேயே இருக்கிறது. ஆட்கள் மாறுகிறார்கள், மேனேஜர்கள் மாறுவதில்லை என்பதைத் தம்பி சிக்கலாகச் சொன்னார். எனக்கு அது பெரிய வசதியாகத் தெரிந்தது. ஆறு பேரும் இரண்டு மேனேஜர்களின் கண்ணுக்கும் படுகிறார்கள். ஒரே ஆறு பேரை இருவரும் பார்த்திருப்பதால், இருவர் கையையும் ஒப்பிட ஒரு பொது அளவு கிடைத்துவிடுகிறது. மேனேஜரும் தன் குழுவோடு சேர்ந்தே ஷிப்ட் மாறுகிற பட்டறையில் இது கிடைக்காது. அங்கே ஒருவர் தன் மூன்று பேருக்கு எட்டு எட்டாகப் போட்டால், ஆட்கள் கெட்டியா, அவர் கை தாராளமா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

தம்பி கொண்டுவந்த படிவத்தில் இரு மேனேஜர்களையும் ஆறு பேருக்குமே பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னதாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் எழுதினேன். ஆட்களை அ முதல் ஊ வரை என்று அழைப்போம். பகல் மேனேஜர் போட்டது: அ 8, ஆ 7, இ 9, ஈ 7, உ 6, ஊ 5. சராசரி 7. நைட் மேனேஜர் போட்டது: அ 6, ஆ 6, இ 4, ஈ 7, உ 5, ஊ 5. சராசரி 5.5.

அ, ஆ, இ மூவரும் ஒரு குழு, மார்ச்சில் மதிப்பெண் போட்ட அன்று பகல். ஈ, உ, ஊ மறு குழு, அன்று நைட். பழைய முறைப்படி அன்றைய ஷிப்டின் மேனேஜர் போட்டது மட்டும்தான் கணக்கு. அப்போது இ 9, அ 8, ஆவும் ஈயும் 7, உவும் ஊவும் 5. முதல் இரண்டு இடமும் ஒரே குழுவுக்கு. ஈ மூன்றாம் இடத்தை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்கிறார்.

இப்போது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைப் போட்ட மேனேஜரின் சராசரியைக் கழியுங்கள். அவுக்குப் பகலில் 8 கழித்தல் 7, அதாவது கூடுதல் 1. நைட்டில் 6 கழித்தல் 5.5, கூடுதல் அரை. ஈக்குப் பகலில் சுழியம், நைட்டில் கூடுதல் ஒன்றரை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் இருவருக்கும் ஒரே எண், 0.75. மார்ச் பட்டியலில் ஒரு மார்க் பின்னால் நின்ற ஈ, முதல் இடத்தில் அவோடு சமமாக நிற்கிறார்.

“இருவர் போட்டதையும் சும்மா கூட்டிப் பாதியாக்கினாலே இதே வரிசைதானே அண்ணா வருது?” என்றார் தம்பி. கணக்கில் கெட்டிக்காரர். ஆமாம், வரும். ஆறு பேரும் பகலும் நைட்டும் சரிபாதியாகப் பார்த்திருந்தால் கழித்தல் தேவையே இல்லை. வெறும் சராசரி போதும். ஆனால் எந்தப் பட்டறையில் சரிபாதி நடக்கிறது? ஒருவருக்கு ஊரில் திருவிழா, இன்னொருவர் மனைவிக்குப் பிரசவம், ஒருவர் படிப்புக்காகப் பகல் கேட்டு வாங்கியிருப்பார். யாரோ ஒருவர் அவர்களுக்குப் பதிலாக நைட்டில் நின்றிருப்பார். அந்த யாரோ ஒருவருக்காகத்தான் இந்தக் கணக்கு.

ஈ தான் அந்த ஆள் என்று வையுங்கள். வருஷத்தில் நாலில் மூன்று பங்கு நைட் பார்த்தார். அவுக்கு நேர்மாறு, நாலில் மூன்று பங்கு பகல். பார்த்த நாட்களின் விகிதப்படி நேரடி மதிப்பெண்ணைச் சேர்த்தால், அவுக்கு 8இல் முக்கால் பங்கும் 6இல் கால் பங்கும், மொத்தம் 7.5. ஈக்கு எப்படிச் சேர்த்தாலும் 7. அவர் அரை மார்க் பின்னால். இனி கழித்த எண்களை அதே விகிதத்தில் சேருங்கள். அவுக்கு 1இல் முக்கால், அரையில் கால், மொத்தம் 0.875. ஈக்குச் சுழியத்தில் கால், ஒன்றரையில் முக்கால், மொத்தம் 1.125. வரிசை தலைகீழாகிவிட்டது. மற்றவர்களுக்காக நைட் ஏற்றுக்கொண்டவர், இறுக்கமான கையிடம் அதிக நாள் நின்றதற்காக அரை மார்க் இழந்திருந்தார். அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அடுத்த வருஷம் யாருக்காவது பதில் நைட் கேட்டால் அவர் ஏன் வர வேண்டும்?

இதில் ஒரு கவனம் வேண்டும். கழிக்கிற சராசரி, இரு மேனேஜர்களும் பார்த்த ஆட்களின் சராசரியாக இருக்க வேண்டும். நிரந்தரமாகப் பகலிலேயே இருக்கும் ஒரு சீனியரையும் பகல் சராசரியில் சேர்த்துவிட்டால், அவர் கெட்டிக்காரர் என்பதற்காகப் பகல் சராசரி ஏறி, மற்ற எல்லோருக்கும் பகலில் குறையும். அவரை ஒப்பிடும் கணக்கிலிருந்து வெளியே வைத்துத் தனியாகப் பாருங்கள். அதே மாதிரி, ‘ஷிப்டுக்கு இத்தனை பேருக்குத்தான் ஏ கிரேடு’ என்று கோட்டா வைக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மூன்று பேர் உள்ள குழுவில் கோட்டாவுக்கு அர்த்தம் கிடையாது.

கழித்தலில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பகலுக்கும் நைட்டுக்கும் இடையே உள்ள ஒன்றரை மார்க் இடைவெளி நைட் மேனேஜரின் கறாரால் வந்ததா, நைட்டின் கஷ்டத்தால் வந்ததா என்று நமக்குத் தெரியாது. ஆட்களை ஒப்பிட அது தெரிய வேண்டியதும் இல்லை, இரண்டும் சேர்ந்தே கழிந்துவிடுகின்றன. பட்டறையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மட்டும் தெரிய வேண்டும். அதற்கு வருஷத்தில் ஒரு சுற்று, இரண்டு வாரம், மேனேஜர்களை இடம் மாற்றிப் பாருங்கள். குறைந்த மதிப்பெண் மேனேஜரோடு பகலுக்குப் போனால் அது கை. நைட்டிலேயே தங்கிவிட்டால் அது ஷிப்ட். அப்போது டூல் ரூம் சாவியைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி இயைப் பாருங்கள். அவரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். பகலில் கூடுதல் 2, ஆறு பேரில் முதல் ஆள். நைட்டில் குறைவு ஒன்றரை, கடைசி ஆள். சேர்த்துப் பாதியாக்கினால் 0.25, நடுத்தரம். அந்த 0.25 அவரைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. ஆறு பேரும் நைட்டில் ஒரே அளவு இறங்கினால் அது மேனேஜரோ ஷிப்டோ. ஒரே ஒருவர் மட்டும் தனியாக இறங்கினால் காரணம் அவரைச் சுற்றி எங்கோ இருக்கிறது. சராசரி எடுப்பதற்கு முன்னால் அதைத் தேட வேண்டும்.

தேட நாலைந்து இடங்கள் உண்டு. முதலில் லாக் புக்கில், எந்த இரவுகளில் பிரச்சினை வந்தது என்று தேதியைப் பாருங்கள். பகலிலிருந்து நைட்டுக்கு மாறிய முதல் இரண்டு மூன்று இரவுகளில் மட்டும் தவறுகள் குவிந்திருந்தால் அது உடம்பு மாறுகிற அவதி. உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். வீட்டுக்குப் போகும்போது காலை வெயில் முகத்தில் அடிப்பதால் அதுவும் முழுதாக நகர்வதில்லை. பதினாலு இரவும் ஒரே மாதிரி தவறு இருந்தால், பகலில் அவர் தூங்கவே இல்லை என்று சந்தேகப்படலாம். வீட்டில் கைக்குழந்தையா, ஷீட் போட்ட ஒற்றை அறையா, காலையில் போய் இன்னொரு வேலை பார்க்கிறாரா என்று தனியாக, மரியாதையாகக் கேட்க வேண்டும். மதிப்பெண் குறைப்பது இதற்கு மருந்தாகாது. ரோஸ்டரை மாற்றலாம், விடியற்காலை மூன்று மணிக்கு முன்னால் இருபது நிமிஷம் கண் மூட இடம் கொடுக்கலாம்.

அடுத்தது, அவர் நைட்டில் எந்த மெஷினில் நிற்கிறார்? பகலில் புது மெஷின், நைட்டில் ஸ்பிண்டில் சத்தம் போடுகிற பழைய மெஷின் என்றால் நாம் மெஷினுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம். கடைசியாக, கேட்கச் சங்கடமான ஒன்று. பகலில் கிடைத்த அந்த 9 உண்மைதானா? பகல் மேனேஜர் மீட்டிங்கில் பார்க்கிற ஆள் இவர், நன்றாகப் பேசுவார், கஸ்டமர் வந்தால் இவரைத்தான் நிறுத்துவார்கள். பேச்சின் வெளிச்சம் வேலையின் மதிப்பெண்ணுக்குள் கசிந்திருக்கலாம். தோர்ன்டைக் 1920லேயே ராணுவ அதிகாரிகள் போட்ட மதிப்பெண்களில் இதைக் கண்டு எழுதினார். ஒரு குணம் பிடித்துவிட்டால் எல்லாக் குணத்துக்கும் மார்க் ஏறிவிடுகிறது.

“இதையெல்லாம் மார்ச்சில் எப்படி அண்ணா கண்டுபிடிக்கிறது?”

மார்ச்சில் முடியாது. அதனால்தான் மதிப்பெண்ணைச் சுற்றுக்கு ஒருமுறை எழுதச் சொல்கிறேன். இரண்டு வாரம் முடிந்து ஆட்கள் இடம் மாறும் அன்று, அந்த மேனேஜர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை நிரப்ப வேண்டும். முதலில் சம்பவம், பிறகுதான் எண். தேதி, மணி, என்ன நடந்தது, ஆபரேட்டர் என்ன செய்தார் என்று இரண்டு சம்பவம். உதாரணமாக, ‘12ஆம் தேதி அதிகாலை 4.10. துளை அளவு மேல் எல்லையை நோக்கி ஏறுவதைக் கேஜில் கவனித்தார். ஆஃப்செட் திருத்தினார். அதற்கு முன் கடைந்த 8 பீஸைத் தனி டிரேயில் ஒதுக்கிச் சிவப்பு டேக் கட்டினார்.’ இப்படி எழுதியிருந்தால் பகல் மேனேஜருக்கும் அந்த இரவு தெரிந்துவிடும். ‘பொறுப்பானவர், 7’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சம்பவத்தைப் பதிவுசெய்யும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளானகன் 1954ல் விரிவாக எழுதினார். போர்க்காலத்தில் விமானிகளைப் பற்றிய ஆய்வில் பிறந்த முறை அது. மேனேஜருக்கு ஆறு பேரில் அன்றைக்கு மூன்று பேர்தான். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். படிவத்தில் காலியாக விட இடமில்லாததால், பார்க்காத விஷயத்துக்கும் மேனேஜர் ஐந்தோ ஆறோ போட்டு நகர்ந்துவிடுவார். அந்த நடுத்தர எண் பாதிப்பில்லாததுபோலத் தோன்றும். உண்மையில் அது நல்ல ஆளை இழுத்துக் கீழே கொண்டுவரும், சுமாரான ஆளைத் தூக்கி மேலே வைக்கும். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதைப் பகல் மேனேஜர்தான் பார்ப்பார், ஏனென்றால் அப்ரென்டிஸ் பையன்கள் பகலில்தான் வருகிறார்கள். யாரும் இல்லாத நேரத்தில் மெஷின் நின்றால் எதைத் தானே சரிசெய்வது, எதற்கு ஃபோன் போட்டு எழுப்புவது என்ற தெளிவை நைட் மேனேஜர்தான் பார்ப்பார். இரண்டும் வேலையின் பாகம்தான். பார்த்தவர் போடட்டும், மற்றவர் கட்டத்தில் டிக் அடிக்கட்டும்.

“எண்ணிக்கை இருக்கே அண்ணா, எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன். அதை வைத்தே போட்டுவிடலாமே?” என்று தம்பி கேட்டார். எண்கள் நேர்மையானவை என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஷிப்ட் பட்டறையில் எண்களும் சாயும், அது எப்படி என்று பாருங்கள்.

பன்னிரண்டு மணி நேரத்தில் சாப்பாடு, டீ ஒரு மணி நேரம் போக 660 நிமிஷம். ஒரு பீஸுக்கு மூன்று நிமிஷம் என்றால் 220 பீஸ் வரலாம். பகலில் ஒருவர் 180 எடுத்தார், நைட்டில் ஒருவர் 180 எடுத்தார். சமம் என்று சொல்லிவிடலாமா? பகலில் செட்டிங் மாற்ற ஒரு மணி நேரம் போயிற்று. மிச்சம் 600 நிமிஷம், 200 பீஸ் வரலாம், 180 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு. நைட்டில் கூலன்ட் பம்ப் நின்று ஒன்றரை மணி நேரம் போயிற்று. மிச்சம் 570 நிமிஷம், 190 பீஸ் வரலாம், 180 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. ஓட்டக் கிடைத்த நேரத்தால் வகுத்தால்தான் ஆள் தெரிகிறார்.

இங்கேதான் ஒரு ஓட்டை. பகலில் மெஷின் நின்றால் மெயின்டனன்ஸ் ஸ்லிப் போட்டு, அதில் கையெழுத்து வாங்கி, நின்ற நேரம் கழிக்கப்படும். நைட்டில் ஸ்லிப் போட ஆளில்லை. ஆபரேட்டர் தானே பம்பைத் தட்டி ஓட்டியிருப்பார். காகிதம் இல்லாததால் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் சும்மா நின்ற நேரமாகிவிடும். 660ஆல் வகுத்தால் அவர் நூற்றுக்கு எண்பத்திரண்டு. ஆகவே நைட்டில் நின்ற நேரத்தை எழுத ஒரு எளிய நோட்டு, அதில் நைட் மேனேஜரின் கையெழுத்து, இரண்டும் இல்லாமல் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

ரிஜெக்‌ஷன் இன்னும் ஏமாற்றும். பெரும்பாலான இடங்களில் கண்டுபிடித்த ஷிப்டின் பெயரில் அது எழுதப்படுகிறது, கடைந்த ஷிப்டின் பெயரில் அல்ல. விடியற்காலை ஐந்துக்குக் கடைந்த பீஸ், காலை ஒன்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்து அளக்கும்போது பிடிபடும். பகல்காரர் கணக்கில் ஏறும். எதிர்த்திசையிலும் நடக்கும். இன்செர்ட் 150 பீஸுக்கு மாற்ற வேண்டியது. பகல்காரர் எண்ணிக்கை காட்ட 190 வரை ஓட்டிவிட்டு, மாற்றாமல் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். நைட்காரர் கையில் அது பதினைந்தாவது பீஸில் உடைகிறது. பீஸும் போயிற்று, அரை மணி நேரமும் போயிற்று, எல்லாம் அவர் பெயரில்.

இது நடக்கிறதா என்று அறிவது சுலபம். ஒரு மாதத்து ரிஜெக்‌ஷனை, கண்டுபிடித்த மணிவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஷிப்ட் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில், எட்டிலிருந்து பத்துக்குள், மற்ற நேரத்தைவிடத் துருத்திக்கொண்டு நின்றால், முந்தைய ஷிப்ட் விட்டுச்சென்றது பிந்தைய ஷிப்டின் கணக்கில் விழுகிறது என்று அர்த்தம். ஷிப்ட் தொடக்கத்தில் மெஷின் சூடாகாததாலும் கொஞ்சம் வரும். ஆனால் இரண்டு ஷிப்டும் இடைவெளி இல்லாமல் ஓடும் பட்டறையில் மெஷின் ஆறுவதே இல்லை, அதனால் அந்தச் சமாதானம் செல்லாது. தீர்வு, டிரேக்கு டிரே கடைந்த நேரமும் மெஷின் எண்ணும் எழுதிய டேக், ஒப்படைக்கும்போது இன்செர்ட் எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது என்று கவுன்டரைப் பார்த்து இருவரும் எழுதும் ஒரு வரி. இவை வந்த பிறகு ரிஜெக்‌ஷனை ஆள்வாரியாகப் பிரிக்கலாம். அதுவரை அந்த எண்ணை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அட்டைகள் ஆறு மாதம் சேர்ந்ததும் இரு மேனேஜர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள். காலையிலும் இரவிலும் எட்டு மணி ஒப்படைப்பில்தான் இருவரும் ஒன்றாக இருப்பார்கள், இரவு ஒப்படைப்பை ஒட்டி வைப்பது நல்லது. உட்காரும் முன்னரே எண்கள் எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீனியர் மேனேஜர் என்ன சொல்கிறாரோ அதுவே இருவர் மதிப்பெண்ணாகும். ஆறு பேரையும் பற்றிப் பேச வேண்டியதில்லை. கழித்த பிறகும் இருவருக்கும் இடையே இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதும். நம் தாளில் அப்படி இருப்பவர் இ ஒருவர்தான். பேச்சின் நோக்கம் இருவரையும் ஒரே எண்ணுக்கு இழுப்பது அல்ல. பகலில் பார்த்தது என்ன, நைட்டில் பார்த்தது என்ன என்று அட்டையை வைத்துக் கேட்பது. இரண்டுமே உண்மையாக இருந்தால் இரண்டையும் அப்படியே வைத்து, ‘பகலில் மிக நன்று, நைட்டில் உதவி தேவை’ என்று எழுதுங்கள். 0.25 என்று எழுதுவதைவிட அது அவருக்கும் பட்டறைக்கும் பயன்படும்.

இந்தத் தசமங்களை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. ஆறு பேர், இரண்டு மேனேஜர்கள் என்கிற அளவில் கால் மார்க், அரை மார்க் வித்தியாசம் அடுத்த சுற்றிலேயே புரண்டுவிடும். அ 0.75, ஆ 0.25 என்பதால் அவுக்கு ஆவைவிட இன்கிரிமென்ட் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் தாளில் தெளிவாகத் தெரிவது, அவும் ஆவும் ஈயும் எந்த மேனேஜரிடமும் சராசரிக்குக் கீழே போகவில்லை என்பது. உவும் ஊவும் இருவரிடமுமே கீழே இருக்கிறார்கள். இந்த இரண்டு பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டைக்குள் இருப்பவர்களுக்கு ஒரே தொகை கொடுங்கள். இயை நைட் விஷயம் தெளிவாகும்வரை எந்தப் பட்டையிலும் அடைக்காமல், இரண்டுக்கும் நடுவான தொகையைக் கொடுத்து அடுத்த மூன்று சுற்று அட்டைகளைப் பாருங்கள்.

முடிவைச் சொல்லும் நேரத்தையும் தம்பி கேட்டார். அவர்கள் பட்டறையில் ஹெச்.ஆர். காலை பத்துக்குக் கூப்பிடுகிறார்களாம். நைட் முடித்தவர் இரண்டு மணி நேரம் கேன்டீனில் தூக்கத்தோடு காத்திருந்து, கேட்டதில் பாதி புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். நைட்காரருக்கு இரவு எட்டரை மணிக்கு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். பகல் மேனேஜர் அன்றைக்கு அரை மணி நேரம் தங்கட்டும். இரண்டு மேனேஜர்களின் அட்டைகளும், கழித்த கணக்கும், நின்ற நேர நோட்டும் மேஜையில் இருக்கட்டும். ஒரு சம்பவம் நடந்த விதம் வேறு என்று அவர் சொன்னால், அந்த அட்டையிலேயே அவர் கையால் எழுத நாலு வரி இடம் விட்டு வையுங்கள்.